எடை நிற்கிறது என்பதால் சாப்பாடு போதும் என்று பொருளில்லை

"என் மகளுக்கு 17 வயது. 3000, 5000 மீட்டர் ஓடுகிறாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். எடை குறைந்தால் நேரமும் குறையும் என்று பயிற்சியாளர் சொன்னதால் ஆறு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 46க்கு வந்தாள். முதலில் நன்றாக ஓடினாள். இப்போது நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கணைக்காலில் வலி என்கிறாள். நிறைய ஓடும் பெண்களுக்கு இது இயல்புதான் என்கிறார்கள். இரண்டு மாதமாக எடை 46இலேயே நிற்கிறது. அப்படியானால் சாப்பாடு போதுமானதாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

முதலில் கால் வலியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது காத்திருக்காது. மகளை உட்காரவைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு ஓரமாக உங்கள் விரல் நுனியால் மேலிருந்து கீழ்வரை மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு எங்கே தொட்டாலும் பரவலாக வலிக்கிறது, ஓடத் தொடங்கியதும் சற்றுக் குறைகிறது என்றால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய சவ்வின் எரிச்சலாக இருக்கும். ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் வைக்கும் அளவு இடத்தில், அழுத்தியதும் துள்ளுகிறாள் என்றால், அல்லது நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால், எலும்பில் நுண்முறிவு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்த முறிவுகள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். வலி தொடை இடுக்கில் இருந்தால் இன்னும் அவசரம். அது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவாக இருக்கக்கூடும், அந்தக் காலில் பாரம் வைக்காமல் உடனே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓட்டக்காரர்களுக்கும் எடைப்பிரிவு விளையாட்டுக்காரர்களுக்கும் உணவு ஆலோசனை சொல்வது பல ஆண்டுகளாக என் தொழில். பாலக்காட்டிலும் வாளையாருக்கு அந்தப் பக்கமும் பார்க்கிறேன். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, இரத்தப் பரிசோதனை எதையும் பார்க்கவில்லை. ஆகவே அவளுக்கு இன்னதுதான் என்று இங்கே முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று செய்திகளும், அதாவது குறைந்த எடை, நின்ற மாதவிலக்கு, எலும்பு வலி ஆகியவை ஒன்றாக வரும்போது, செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நிறைய ஓடினால் மாதவிலக்கு நிற்பது இயல்பு என்ற பேச்சு நம் மைதானங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த பல பெண்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் ஓட்டம் அதற்குக் காரணமில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆன் லூக்ஸும் அவருடைய குழுவினரும் இதை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். இளம்பெண்களை உடற்பயிற்சி செய்ய வைத்து, செலவான சக்தியைச் சாப்பாட்டில் ஈடுகட்டியபோது மூளையிலிருந்து வரும் ஹார்மோன் துடிப்புகள் ஏறக்குறைய மாறாமல் இருந்தன. அதே பயிற்சியோடு சாப்பாட்டைக் குறைத்தபோது ஐந்தே நாட்களில் அந்தத் துடிப்பு தளர்ந்தது. மாதவிலக்கை இயக்குவது அந்தத் துடிப்புதான். சக்தி போதவில்லை என்று தெரிந்தால், குழந்தை பெறுவதற்கான ஏற்பாட்டைத்தான் உடல் முதலில் ஒத்திவைக்கிறது. இதயமும் மூளையும் நிற்க முடியாது, கருப்பை காத்திருக்கலாம்.

மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. பதினைந்து வயது முடியும்வரை ஒருமுறைகூட வராத பெண்களுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் போனதும் "இவள் சாப்பிடுவதில்லை, அதனால்தான்" என்று நீங்களே முடிவு சொல்லிவிடாதீர்கள். கர்ப்பம், தைராய்டுக் கோளாறு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவது, சினைப்பை நீர்க்கட்டி ஆகிய நான்கையும் மருத்துவர் தள்ளிவைத்த பிறகுதான் சாப்பாட்டுக் குறை என்ற முடிவுக்கு வர வேண்டும். நம் பக்கம் நீர்க்கட்டி என்ற பெயரைச் சற்று வேகமாகவே சூட்டிவிடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் வந்தவுடன் அடுத்த அறிவுரை "எடையைக் குறை, சோற்றைக் குறை" என்பதாக இருக்கும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் பெண்ணுக்கு அது நேர் எதிரான மருந்து. ஆகவே அவள் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாள், எவ்வளவு எடை குறைத்தாள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட எடைக்கு வருகிறேன். எடை நிற்பதால் வரவும் செலவும் சமமாகிவிட்டன என்பது சரி. எப்படிச் சமமாயின என்பதுதான் கேள்வி. வருமானம் குறைந்த வீட்டில் கடன் ஏறாமல் மாதம் ஓடுகிறது என்றால், மருந்து வாங்குவதையும் கூரை ஓட்டை மாற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள் என்றும் பொருள் இருக்கலாம். உடலும் அப்படித்தான் செய்கிறது. தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவத்தைக் குறைக்கிறது, உடல் சூட்டைக் குறைக்கிறது, நாடித்துடிப்பை இறக்குகிறது, எலும்பைப் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறது, மாதவிலக்கை நிறுத்துகிறது. இத்தனையும் குறைத்த பிறகு 46 கிலோ என்ற முள் அசையாமல் நிற்கும். எடை இறங்கிக்கொண்டே போகும் பெண்ணை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். எடை நின்றுபோன பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. என்னிடம் தாமதமாக வந்தவர்களில் பலர் அந்த இரண்டாம் வகையினர்தான்.

முதலில் நேரம் குறைந்ததும் உண்மைதான், அதைப் பயிற்சியாளரின் கற்பனை என்று சொல்ல மாட்டேன். அதே இதயமும் நுரையீரலும் ஆறு கிலோ குறைவாகச் சுமந்தால் சில வாரங்களுக்கு, சில மாதங்களுக்குக்கூட, வேகம் கூடும். பிறகு தசை சரியாகத் தேறுவதில்லை, பயிற்சி உடலில் ஒட்டுவதில்லை, நேரம் ஒரே இடத்தில் நிற்கும், அதன்பின் எலும்பு முறியும். அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன் 17 வயதிலேயே உலக சாம்பியன்ஷிப் போட்டியில் ஓடியவர். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு வராமல் இருந்ததையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் அவரே வெளியே சொன்னார். ஆரம்பத்தில் வரும் அந்த நல்ல நேரம்தான் இதில் எல்லோரையும் ஏமாற்றுவது. அது வந்தவுடன் "பார், எடை குறைந்தது, பலன் தெரிகிறது" என்று இன்னும் இரண்டு கிலோ குறைக்கச் சொல்வார்கள்.

கணக்கு எப்படிப் போகிறது என்பதை ஒரு பெண்ணின் ஒரு நாளை வைத்துக் காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலந்தாவளம் பக்கத்துப் பெண், 16 வயது, எடை 47 கிலோ. கொழுப்பை நீக்கினால் எலும்பும் தசையும் உறுப்புகளுமாக சுமார் 39 கிலோ. காலையில் 9 கிலோமீட்டர், மாலையில் மைதானத்தில் 5 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி என்று வைத்துக்கொண்டால் போதும், ஆக 14 கிலோமீட்டருக்கு சுமார் 650 கலோரி. காலை ஐந்தரைக்குச் சர்க்கரை இல்லாத கட்டன்காப்பி குடித்துவிட்டுப் போவாள். எட்டு மணிக்குத் திரும்பி மூன்று இட்லி, சாம்பார். மதியம் டப்பாவில் ஒரு பெரிய கிண்ணம் சோறு, தோரன், மோர். நாலு மணிக்கு வெள்ளரிக்காயும் ஒரு கைப்பிடி சுண்டலும். இரவு இரண்டு சப்பாத்தி, பருப்பு, ஒரு கொய்யா, படுக்கும்முன் ஒரு டம்ளர் பால். பட்டினி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுடைய அம்மாவும் "மூன்று வேளையும் சாப்பிடுகிறாளே" என்றுதான் சொன்னார். கூட்டினால் 1,300 கலோரிக்கு மேல் போகவில்லை.

1,300இல் ஓட்டத்துக்கான 650ஐக் கழித்தால் மிச்சம் 650. அதைத்தான் மற்ற எல்லா வேலைக்கும் உடல் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதுப் பெண் நாள் முழுவதும் படுக்கையில் கிடந்தாலும் 1,200, 1,300 கலோரி வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். மிச்சமான 650ஐ 39ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு சுமார் 17 வருகிறது. நலமாக இருக்கும் இளம்பெண்ணுக்கு இந்த எண் 45 அளவில் இருக்க வேண்டும். 30க்குக் கீழே போகும்போது ஹார்மோன் துடிப்பு கெடுவதை லூக்ஸின் சோதனை 2003இல் காட்டியது. 30ஐத் தொடவே அவள் 1,820 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், 45க்கு 2,400.

இந்த எண்களை ஓரளவுக்குத்தான் நம்பலாம். 30 என்பதை ஒரு கோடு போல, மேலே இருந்தால் பாதுகாப்பு, கீழே போனால் ஆபத்து என்று பலர் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒரு கோடு இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் அது ஒரு சரிவாகத்தான் தெரிகிறது. எண் இறங்க இறங்க மாதவிலக்கு கெடும் வாய்ப்பு கூடுகிறது, ஒருத்திக்கு 35இலேயே கெடும், இன்னொருத்திக்கு 25இலும் ஓடும். இள வயதினர் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படுகிறார்கள். சாப்பிட்டதை எழுதும்போது யாரும் சரியாக எழுதுவதில்லை, கொழுப்பு அளக்கும் கருவிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே நான் இந்தக் கணக்கைப் போடுவது நோயைக் கண்டுபிடிக்க அல்ல, பள்ளம் எவ்வளவு பெரியது என்று வீட்டாருக்கும் பெண்ணுக்கும் காட்டத்தான். உடல் காட்டும் அறிகுறிகளுக்கு அடுத்துத்தான் கணக்கு.

அந்தப் பெண்ணுக்கு அறிகுறிகள் ஒவ்வொன்றாக, எட்டு ஒன்பது மாதங்களில் வந்தன. முதலில் மாதவிலக்கு இரத்தம் குறைந்து, இடைவெளி நாற்பது நாளாகி, பிறகு நின்றது. மார்ச் மாதத்துப் பாலக்காட்டு வெயிலிலும் இரவில் போர்வை கேட்டாள். மலச்சிக்கல், வயிறு உப்புசம். உப்புசம் வந்ததும் சோறுதான் காரணம் என்று இன்னும் குறைத்தாள், உண்மையில் சாப்பாடு குறைந்ததால் குடல் மெதுவாகியிருந்தது. தூக்கம் அதிகாலை மூன்று மணிக்குக் கலைந்தது. தங்கையிடம் எரிந்து விழுந்தாள். ஒரு மழைக்காலத்தில் சளி நான்கு முறை திரும்பத் திரும்ப வந்தது. ஒரு நாள் கடும்பயிற்சியின் கனம் மூன்றாம் நாளும் கால்களை விட்டுப் போகவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு தனிக் காரணம் இருந்தது: பரீட்சைப் பயம், பருவ வயது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர் யாருமில்லை. கடைசியில் கணைக்காலில் முறிவு வந்தபோதுதான் எலும்பு மருத்துவர் "மாதவிலக்கு எப்படி?" என்று கேட்டு அனுப்பிவைத்தார்.

உங்கள் மகளிடம் நீங்கள் இவற்றைக் கேட்கலாம். நாடித்துடிப்பையும் பார்க்கலாம், ஆனால் அது குழப்பும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். காலையில் எழுந்ததும் படுத்தபடியே எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் 50க்குக் கீழே இருந்தால், அதுவும் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், பயிற்சியின் பலன் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பசி இல்லை என்று அவள் சொன்னால் நம்புங்கள், ஆனால் அதை அளவுகோலாக வைக்காதீர்கள். கடும்பயிற்சியும் வெயிலும் சேர்ந்தால் பசி மங்கிவிடும். வெள்ளரி, முளைப்பயறு, கீரை என்று வயிற்றை நிரப்பும் சாப்பாடு கொஞ்சம் சக்தியிலேயே நிறைவைத் தந்துவிடும். வேண்டுமென்றே குறைக்காத பெண்களும் இந்தப் பள்ளத்தில் விழுவது இப்படித்தான்.

வேண்டுமென்றே குறைக்கிறாளா என்பதையும் பார்க்க வேண்டும். தனியாகச் சாப்பிட விரும்புவது, ஒவ்வொரு வாரமும் ஒரு உணவைப் பட்டியலிலிருந்து நீக்குவது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, ஓய்வு நாளிலும் யாருக்கும் தெரியாமல் ஓடுவது ஆகியவை இருந்தால், உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றவரோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே அதட்டிச் சாப்பிட வைப்பது நிலைமையை மோசமாக்கும்.

எலும்பைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் திரும்பிவிடும், எலும்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். எலும்பு தினமும் கரைந்து தினமும் கட்டப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கரைவதற்குத் தடை போடுகிறது; மாதவிலக்கு நின்ற பெண்ணிடம் அந்தத் தடை இல்லை. சக்திக் குறைவு கட்டும் வேலையையும் தனியாகத் தடுக்கிறது. பதின்வயதில்தான் ஒரு பெண் தன் வாழ்நாள் எலும்பின் பெரும்பகுதியைச் சேர்க்கிறாள். வேலந்தாவளத்துப் பெண்ணுக்கு டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பு எண், அவள் வயதுக்குரிய சராசரியிலிருந்து மைனஸ் 1.6இல் இருந்தது. ஓடுபவர்களுக்குச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், மைனஸ் 1க்குக் கீழே போனாலே அவர்கள் விஷயத்தில் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்தபோது ஏறியிருந்தது, ஆனால் சராசரியை எட்டவில்லை.

சரிசெய்யும் வழி சாப்பாடும் ஓய்வும்தான். அவளுக்குக் கால் முறிவு என்பதால் எட்டு வாரம் ஓட்டமே இல்லை. பெரும்பாலான ஓட்டக்காரர்கள் அப்போது "ஓடாதபோது எதற்குச் சாப்பாடு" என்று இன்னும் குறைப்பார்கள். முறிந்த எலும்பு கூடவும் சக்தி வேண்டும், அதனால் அந்த எட்டு வாரமும் கூட்டித்தான் கொடுத்தோம். ஒரேயடியாக 1,100 கலோரி ஏற்றினால் வயிறு தாங்காது, பெண்ணும் பயந்துபோவாள். முதல் இரண்டு வாரம் 300, பிறகு இன்னும் 300, அப்புறம் மெதுவாக மேலே. புதிதாக எதையும் வாங்கவில்லை. கட்டன்காப்பிக்குச் சர்க்கரையும் கூடவே ஒரு நேந்திரம்பழமும் சேர்ந்தன. இட்லி நான்காயிற்று, சாம்பாரோடு கடலைச் சட்னியும் ஒரு முட்டையும். மதியச் சோறு ஒன்றரை மடங்கு, மோருக்குப் பதில் தயிர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி மீன். நாலு மணி வெள்ளரிக்காய் போய், வெல்லம் சேர்த்த அவலும் கடலைமிட்டாயும் வந்தன. இரவில் இன்னொரு சப்பாத்தி.

மீண்டும் ஓடத் தொடங்கியபோது இன்னொன்றையும் மாற்றினோம். முன்பு காலை ஓட்டம் முடிந்து மைதானத்திலிருந்து பஸ்ஸில் வீடு வந்து சாப்பிடுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். முந்தின இரவு எட்டு மணிப் பாலிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு மணி நேரம் வெறும் கட்டன்காப்பியில் ஓடுகிறது அந்த உடல். நாள் மொத்தக் கணக்கு பரவாயில்லை என்று தோன்றும் பெண்களில்கூட, இப்படி நீண்ட நேரம் பள்ளத்தில் இருப்பதற்கும் மாதவிலக்குக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக மைதானத்திலேயே, காலணி கழற்றும்போதே, ஒரு பாட்டில் சர்க்கரை சேர்த்த பாலும் ஒரு பழமும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்வதற்குத்தான் வீட்டில் மிகவும் தயங்கினார்கள், மற்றப் பிள்ளைகள் பார்க்க எப்படிச் சாப்பிடுவாள் என்று. இரண்டே வாரத்தில் மற்ற மூன்று பெண்களும் பாட்டில் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

எடை 47இலிருந்து 51க்கு வந்தது. முதல் மாதத்தில் வேகமாக ஏறியது, பெண் அழுதாள். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி தசையில் சேரும் மாவுச்சத்தும் அதோடு சேரும் நீரும்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. போர்வை கேட்பதும் மூன்று மணிக்கு விழிப்பதும் சில வாரங்களில் நின்றன. மாதவிலக்கு ஏழாவது மாதத்தில் வந்தது. சிலருக்கு மூன்று மாதத்தில் வரும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும், முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பழைய நேரத்தை அவள் எட்ட இன்னொரு முழுப் பருவம் ஆயிற்று.

மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைக்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கருத்தடை மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் இரத்தம், மாத்திரை நின்றதால் வருவது, மூளையிலிருந்து வரும் துடிப்பு திரும்பியதன் அடையாளம் அல்ல. அது எலும்பைக் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. ஆனால் வீட்டார் "வந்துவிட்டது, சரியாகிவிட்டது" என்று நிம்மதியாகிவிடுவார்கள், இருந்த ஒரே எச்சரிக்கையும் மறைந்துவிடும். எலும்பு மிகவும் மோசமாக இருந்தால் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். அது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் முடிவு, சாப்பாட்டுக்கு மாற்று அல்ல.

ஜூடோ, மல்யுத்தம், பளுதூக்குதல் விளையாடும் பையன்களின் பெற்றோர் இதைப் படித்தால், அவர்களுக்கும் இதேதான். பையனிடம் மாதவிலக்கு என்ற மணி அடிப்பதில்லை, அதனால் இன்னும் தாமதமாகத் தெரிகிறது. விடியற்காலையில் இயல்பாக வரும் விறைப்பு வாரக்கணக்கில் வராமல் போவது, ஆசை குறைவது, தாடி வளர்ச்சி மந்தமாவது ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருப்பதைக் காட்டலாம். அப்பாவோ மாமாவோ கேட்டால் சொல்வார்கள், அம்மாவிடம் சொல்ல மாட்டார்கள். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் எடை இறக்குவது வேறு ஆபத்து. அதில் 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். பருவம் முழுவதும் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் தண்ணீரையும் நிறுத்துபவர்களுக்கு இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த வாரமே செய்ய வேண்டியது: கால் வலி நான் முதலில் சொன்னபடி இருந்தால் எம்.ஆர்.ஐ. அத்தோடு மகளிர் மருத்துவரிடம் போய், கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., ஈஸ்ட்ரோஜன், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவற்றைக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் காலியாக இருக்கும் பெண்கள் நிறைய, அவர்களுடைய சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாதவிலக்கு வராமல் ஆறு மாதத்தைத் தாண்டினாலோ நுண்முறிவு உறுதியானாலோ டெக்ஸாவும் எடுக்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் அவளைப் பதக்கத்தோடு பார்க்கத்தான் விரும்புகிறார். மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாளோடு போங்கள். ஓட்டம் எப்போது தொடங்கலாம், எடையை யாரும் பார்க்க வேண்டாம், 46 என்ற இலக்கு இனி இல்லை என்ற மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். இனி ஒவ்வொரு மாதமும் மாதவிலக்கு தேதியை அவளே தன் பயிற்சிக் குறிப்பேட்டில், அன்று ஓடிய தூரத்துக்குப் பக்கத்தில் எழுதட்டும். முப்பத்தைந்து நாளைத் தாண்டி இடைவெளி விழத் தொடங்கினால் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே சாப்பாட்டைக் கூட்டிப் பயிற்சித் தூரத்தைக் குறையுங்கள்.